ஜாமூன் பாகும் சிப்பிப் பாகும்

அக்கா, வணக்கம். போன மாசம் வீட்டு விசேஷத்துக்கு குலாப் ஜாமூன் செய்து பாகு ஒரு கம்பிப் பதத்தில இறக்கினனான். இரவு நல்லா இருந்தது, ஃபிரிட்ஜில வச்சு விடியப் பாத்தா அடியில கற்கண்டு மாதிரி சீனி, ஜாமூனும் இறுகிப் போச்சு. அம்மா தேசிப்புளி விடச் சொன்னா. சரியெண்டு தீபாவளிக்கு சிப்பிப் பலகாரம் செய்யேக்க அந்தச் சீனிப்பாகுக்கும் அரைத் தேக்கரண்டி தேசிப்புளி விட்டன். இப்ப அது வெள்ளையா பூக்கவே இல்ல, ரெண்டு நாளாகியும் கையில பிசுபிசுவெண்டு ஒட்டுது. எதில நான் பிழை விட்டன்? பதத்த எப்பிடித்தான் சரியாக் கண்டுபிடிக்கிறது?
வாசகி, தெஹிவளை

தங்கச்சி,

அம்மா சொன்னது ஜாமூனுக்குச் சரி, சிப்பிக்குத்தான் அது ஆகாது. ஜாமூன் பாகில சீனி திரும்பிக் கட்டிபடக் கூடாது, சிப்பிக்கு அது கட்டாயம் கட்டிபடவேணும், அந்த வெள்ளைப் பூச்சு எண்டுறதே சீனி திரும்பப் பளிங்காகி நிக்கிறதுதான். ஆகவே ரெண்டுக்கும் ஒரே கைவைத்தியம் சரிவராது. முதல்ல ஜாமூனப் பாப்பம், அது விளங்கினா சிப்பி தானா விளங்கும்.

தண்ணி சூடா இருக்கேக்க கனக்கச் சீனியப் பிடிச்சு வச்சிருக்கும், ஆறினா அவ்வளவு பிடிக்காது. 100 கிராம் தண்ணி கொதிக்கிற சூட்டில 480 கிராமுக்கு மேல சீனியக் கரைச்சு வச்சிருக்கும், எங்கட கொழும்பு வீட்டுக் குசினிச் சூட்டில ஏறத்தாழ 215, ஃபிரிட்ஜுக்குள்ள 185 அளவுதான். இத மனசில வச்சுக்கொண்டு உங்கட பாகப் பாருங்கோ. 500 கிராம் சீனி போட்டீங்கள் எண்டு வைப்பம். ஒரு கம்பிப் பதம் வரேக்க சட்டியில இருக்கிற பாகின்ட மொத்த நிறை 700 கிராமுக்குக் கிட்ட நிக்கும், ஏனெண்டா சீனி ஆவியாகிப் போகாது, போறது தண்ணி மட்டும்தான், அப்ப அதுக்குள்ள இருக்கிற தண்ணி 200 கிராம். அந்த 200 கிராம் தண்ணியால அறைச் சூட்டில 430 கிராம் சீனியத்தான் தாங்க ஏலும், ஃபிரிட்ஜில 370. மிச்சம் 130 கிராம் சீனிக்கு பாகுக்குள்ள இடமே இல்ல.

இடமில்லாட்டியும் உடன வெளிய வராது, அதாலதான் இரவு உங்களுக்கு ஒண்டும் தெரியேல்ல. பாகு தடிப்பு, சீனி மெதுவாத்தான் அசையும், ஒட்டிக்கொள்ள ஒரு பளிங்கு கிடைக்கும் வரைக்கும் அப்பிடியே நிக்கும். சட்டி ஓரத்தில காஞ்சு நிண்ட ஒரு துளி, அகப்பையில ஒட்டியிருந்த நாலு சீனிமணி, ஏதோ ஒண்டு உள்ள விழுந்தாப் போதும், அதில பிடிச்சு ஒண்டுக்கு மேல ஒண்டா வளரும். அந்த முதல் மணி விழுறதும் விழாததும் எங்கட கையில முழுசா இல்லாததாலதான் ஒரே கைப்பக்குவத்தில ஒருநாள் பூக்கும், இன்னொருநாள் பூக்காது. மெதுவா ஆறி மெதுவா வளந்தா பளிங்கு பெரிசாவும் வரும், நீங்கள் அடியில கண்ட கற்கண்டு அதுதான்.

ஆகவே ஜாமூனுக்கு கம்பிப் பதமே வேண்டாம். கனபேர் கம்பி வராட்டிப் பாகு ஆகேல்ல எண்டு நினைச்சு மேல மேல காய்ச்சிறது, அதில ஜாமூனுக்குள்ள பாகு ஒழுங்கா இறங்கவும் மாட்டுது, சீனி கூடின பாகு உள்ளுக்கு இருக்கிற ஈரத்த வெளிய இழுக்கும், உருண்டை சுருங்கி இறுகிப் போகும், உங்கடது இறுகினதுக்கு அதுவும் ஒரு காரணம். விரலில தொட்டா எண்ணெய்ப் பிடிப்போட பிசுக்கு தெரியவேணும், விரலப் பிரிச்சா கம்பி இழுபடக் கூடாது, அந்த இடத்தில இறக்குங்கோ.

கைப்பதம் பழகினவைக்கு அது காணும், ஆனா உங்களுக்கு நான் தராசச் சொல்லுவன். பாகுக்கு தெர்மாமீட்டர விட தராசு நம்பிக்கை எண்டது என்ட அபிப்பிராயம். வெறும் சட்டிய அகப்பையோட சேத்து முதல்ல நிறுத்து எழுதி வையுங்கோ. 500 கிராம் சீனி, 400 மில்லி தண்ணி போட்டா உள்ள 900 கிராம் இருக்கு. சீனி கரையும் வரை மெல்லிய நெருப்பில கிளறி, கரைஞ்ச பிறகு கிளறாமக் கொதிக்க விட்டு, இடைக்கிட இறக்கி தராசில வச்சுப் பாருங்கோ, சூடு தராசில படாமக் கீழ ஒரு பலகைய வச்சு அதுக்குப் பிறகு பூச்சியத்துக்குக் கொண்டுவாங்கோ. சட்டியக் கழிச்சு 780 கிராம் வந்தா நிப்பாட்டுங்கோ. அதில தண்ணி 280 கிராம், 100க்கு 178 கிராம் சீனி, ஃபிரிட்ஜுக்குள்ள வச்சாலும் தண்ணி அதத் தாங்கும், பளிங்கு வளர வழியே இல்ல. ஒண்டு, ஜாமூன ஊற வைக்கேக்க மூடி வையுங்கோ, திறந்து சூடா விட்டா ஆவி போய் நீங்கள் நிறுத்த கணக்கு மாறிடும்.

இந்தப் பாகுக்கு அரைத் தேக்கரண்டி தேசிப்புளி விடுறது மேலதிகக் காவல். புளியும் சூடும் சேர சீனியில கொஞ்சப் பங்கு உடைஞ்சு குளுக்கோஸ், பிரக்டோஸ் எண்டு ரெண்டாப் பிரியும். பளிங்கு எண்டது ஒரே அளவான கல்ல வரிசையா அடுக்கிக் கட்டுற மதில் மாதிரி, நடுவில வேற அளவுக் கல்லு வந்து விழுந்துகொண்டிருந்தா மதில் எழும்பாது, இந்த ரெண்டும் அந்த வேலையத்தான் செய்யுது. ஆனா உடையிறதுக்கு நேரம் வேணும், அதால கொதி தொடங்கேக்கயே விடவேணும். அடுப்ப நிப்பாட்டிப்போட்டு கடைசியில பிழிஞ்சா வாசமும் புளிப்பும்தான் கிடைக்கும். கட்டிபட்ட பிறகு மேல பிழியிறதாலயும் பிரயோசனமில்ல. உங்கடமாதிரி ஆயிட்டுதெண்டா ஜாமூன மெல்ல எடுத்து வச்சிட்டு, பாகுக்கு 80 மில்லி அளவு தண்ணி விட்டு, ஒரு மணி சீனி கூடத் தெரியாத வரைக்கும் சூடாக்கித் தெளிய வச்சு, இளஞ்சூட்டில ஜாமூனத் திரும்பப் போடுங்கோ, ஓரளவுக்கு மெத்தென்டு வரும்.

இனி சிப்பி. இங்க நாங்கள் அதே கணக்க மறுபக்கமாத் திருப்புறம். 500 கிராம் சீனிக்கு 200 மில்லி தண்ணி, புளி ஒண்டும் இல்லாம, சட்டிக்குள்ள 600 கிராம் வரும் வரைக்கும் காய்ச்சுங்கோ. தண்ணி 100 கிராம், சீனி 500, கொதிக்கிற சூட்டில தண்ணி தாங்குற எல்லைக்கு இது சரியா விளிம்பு. அந்த நேரம் பாகு கொதிக்கிறது 114 பாகை செல்சியஸ் அளவில, அதால அடுப்பில இருக்கும் வரைக்கும் தெளிவா இருக்கும், இறக்கி நூறுக்குக் கீழ வந்த உடன சீனிக்கு இடம் முடிஞ்சு போகும். கையால பாக்கிறதெண்டா ஒரு துளிய கோப்பைத் தண்ணியில விட்டா கரைஞ்சு ஓடாம அடியில நிண்டு விரலால மெதுவா உருட்டக் கூடியதா வரும். பாக்கிற நேரத்தில சட்டிய அடுப்பில விட்டிட்டு நிக்காதேங்கோ, இந்தக் கட்டத்தில தண்ணி கொஞ்சம்தான் மிச்சம், அரை நிமிஷத்தில பதம் தாண்டும்.

இறக்கின உடன எண்ணெய் நல்லா வடிஞ்சு ஆறின சிப்பியப் போட்டு விடாமப் பிரட்டவேணும். பிரட்டுறது எல்லாத்திலயும் பாகு படுறதுக்கு மட்டுமில்ல, அந்த அசைவில ஒரே நேரத்தில எண்ணுக்கணக்கில்லாத சின்னப் பளிங்குகள் பிறக்கும், சின்னனா இருக்கிறதாலதான் பூச்சு வெள்ளையா, வாயில போட்டா உடன கரையிறதா வருகுது. முதல்ல பளபளவெண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு மங்கும், பிறகு சட்டெண்டு வெள்ளை விழுந்து ஒண்டிலிருந்து ஒண்டு கழண்டு சத்தம் போடத் தொடங்கும், அப்ப நிப்பாட்டலாம். பாகு இளசா இறக்கினா எவ்வளவு பிரட்டினாலும் ஈரமாவே நிக்கும். கூடக் காய்ச்சினா சிப்பியில பிடிக்க முந்தியே சட்டி அடியில மணலா விழுந்திடும், அதுக்கு ரெண்டு மூண்டு மேசைக்கரண்டி தண்ணி விட்டு சீனி முழுசாக் கரையும் வரை திரும்பச் சூடாக்கி பதத்துக்குக் கொண்டுவந்து பிரட்டலாம், வீணில்ல. பூச்சு பிடிச்சும் தோலா உரிஞ்சு விழுந்தா எண்ணெய் வடியாததுதான்.

இதுக்குள்ள தேசிப்புளி விட்டா என்ன நடக்கும் எண்டு இப்ப உங்களுக்கே தெரியும். பளிங்கு பிறக்கிற இடத்திலயே தடை, பாகு கண்ணாடிப் பசை மாதிரி சிப்பியில படிஞ்சு நிண்டிடும். அதோட பிரக்டோஸ் காத்தில இருக்கிற ஈரத்த நல்லா இழுக்கிற சாமான், கடற்கரையோரம் தெஹிவளையில ஈரத்துக்குக் குறைவே இல்ல, நாள் போகப் போக அது காயாது, இன்னும் பிசுபிசுக்கும். ரெண்டு நாள் பொறுத்தும் மாறாததுக்கு அதுதான் காரணம்.

தெர்மாமீட்டர் வச்சிருந்தா முதல்ல கொதிக்கிற தண்ணியில வச்சு 100 காட்டுதா எண்டு பாருங்கோ, ஒண்டிரண்டு பாகை பிழையான சாமான் கனக்க இருக்கு. நுவரெலியாவில இருக்கிற உறவுக்காரருக்கு இந்த 114 அ அப்பிடியே சொல்லிவிடாதேங்கோ, அங்க உயரத்தால தண்ணியே 94க்குக் கிட்டக் கொதிச்சிடும், அவை ஆறு பாகை குறைச்சு 108 இல இறக்கவேணும். தராசுக் கணக்கு எண்டா கொழும்பிலயும் அங்கயும் ஒண்டுதான்.

இப்ப கையில இருக்கிற ஒட்டுற சிப்பிய எறியவேண்டாம். 200 கிராம் சீனிக்கு 80 மில்லி தண்ணி விட்டு, புளியில்லாம, 240 கிராமுக்கு வரக் காய்ச்சி இறக்கி, ஒட்டினதுகளப் பிரிச்சுப் போட்டு, ஒரு தேக்கரண்டி சீனியையும் அரைச்சு மாவாத் தூவிக்கொண்டு பிரட்டுங்கோ. தூவின மாவே பளிங்குக்கு வித்தா நிக்கும், மேல ஒரு வெள்ளைப் பூச்சு பிடிக்கும். உள்ளுக்கு பழைய பாகு இருக்கிறதால கனநாள் வைக்க ஏலாது, முழுசா ஆறின பிறகு காத்துப் போகாத டின்னில போட்டு மூண்டு நாலு நாளுக்குள்ள முடிச்சிடுங்கோ.