22 சதவீதம் எங்கே போனது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் சீனியர் டெக்னீஷியனாக இருந்தேன், இப்போது உதவி சூப்பர்வைசர். மாதச் சிடிசி 25,680-லிருந்து 31,330 ஆகிவிட்டது, 22 சதவீத உயர்வு என்கிறது கடிதம். வங்கியில் 940 ரூபாய்தான் கூடுதலாக வருகிறது. ஏமாற்றுகிறார்களா?
— வாசகர், கிருஷ்ணகிரி

நீங்கள் அனுப்பிய பழைய கடிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கணக்கில் பொய் இல்லை, ஒப்பீட்டில்தான் கோளாறு. சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, கைக்கு வருவது அல்ல. பழைய சிடிசியில் இரண்டே இனங்கள்: மொத்தச் சம்பளம் 24,000, கம்பெனி கட்டும் பி.எஃப். 1,680. புதியதில் மொத்தச் சம்பளம் 26,800, பி.எஃப். 2,040. அதோடு கிராஜுவிட்டி 818, காப்பீட்டு பிரீமியம் 472, செயல்திறன் தொகை 1,200 என்று மூன்று புது விருந்தாளிகள். கிராஜுவிட்டி உங்களுக்குப் போன வருடமும் சேர்ந்துகொண்டுதான் இருந்தது, கடிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். அதை இப்போது எழுதிவிட்டு உயர்வு என்கிறார்கள். செயல்திறன் தொகை வருடக் கடைசியில் கைக்கு வந்தால்தான் நிஜம்.

இரண்டு கடிதத்திலும் உள்ளதை மட்டும் ஒப்பிட்டால் 25,680 இப்போது 28,840. உயர்வு 3,160, அதாவது 12.3 சதவீதம்.

அப்புறம் ஏன் 940? ஓவர்டைம். அது எந்தக் கடிதத்திலும் இருக்காது. மாதம் சராசரியாக 1,500 வந்திருக்கிறது உங்களுக்கு. சூப்பர்வைசர் ஆனதும் அது நின்றுவிட்டது. பழைய அடிப்படைச் சம்பளம் 14,000, அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,680 போக 22,320, ஓவர்டைமோடு 23,820. இப்போது அடிப்படை 17,000, பிடித்தம் 2,040 போக 24,760. கைக்கு வருவதில் உயர்வு 4 சதவீதம்கூட இல்லை.

பி.எஃப். விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சில கம்பெனிகள் 15,000 ரூபாய் வரம்போடு நிறுத்தி, அடிப்படை எவ்வளவு ஏறினாலும் 1,800-தான் கட்டும். உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்தம் 2,040 என்றே இருப்பதால் முழு அடிப்படைக்கும் கட்டுகிறார்கள். நண்பரின் சீட்டில் 1,800 இருந்தால் அவர் கைக்கு 240 கூடுதலாக வரும், கணக்கில் சேர்வது குறையும். இது தெரியாமல் அவருடைய சதவீதத்தோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள். கம்பெனி பங்கு உங்கள் கணக்கில் ஏறுகிறதா என்று பி.எஃப். பாஸ்புக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்.ஆரிடம் கோபமாகப் போக வேண்டாம். ஒரு மின்னஞ்சல் போதும்: பழைய சிடிசியையும் கிராஜுவிட்டி, காப்பீடு சேர்த்து அதே தலைப்புகளில் போட்டுத் தாருங்கள், ஓவர்டைமுக்கு ஈடாக ஏதாவது அலவன்ஸ் உண்டா என்று கேளுங்கள். ஒரு பக்கத் தாளில் முடிகிற இந்த விவரத்தை முதலிலேயே தந்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சிப்காட் டீக்கடைகளில் சுற்றும் 'கன்சல்டன்சி' ஆட்களிடம் மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்டாதீர்கள். "31,330-க்கு மேல் 30 சதவீதம் வாங்கித் தருகிறேன், ஒரு மாதச் சம்பளம் கமிஷன்" என்பார்கள். அங்கே கிடைப்பதும் இதே மாதிரி ஊதிப் பெருக்கிய சிடிசியாகவே இருக்கும். கமிஷன் மட்டும் ரொக்கம்.