பால் சேர்த்தால் தேநீரின் நன்மை போய்விடுமா?

"பாலில் உள்ள புரதம், தேநீரின் துவர்ப்புப் பொருளான டானினைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்போ பால் டீ குடிப்பதே வீணா?"

பிடித்துக்கொள்வது உண்மைதான். கட்டன் டீயில் நாக்கு வறண்டு இழுப்பதற்குக் காரணம், டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வது; பால் ஊற்றினால் அதிலுள்ள கேசீன் என்ற புரதம் முந்திக்கொள்கிறது, அதனால்தான் துவர்ப்பு உடனே அடங்குகிறது. ஆனால் இது நிரந்தரமான கட்டு இல்லை. வயிற்றிலும் குடலிலும் நொதிகள் கேசீனைத் துண்டாக்கும்போது, பிடிபட்டவற்றில் பெரும்பகுதி விடுபட்டுவிடும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தேநீரில் நன்மை தருவதாகக் கருதப்படும் கேட்டச்சின் என்ற பொருளின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் ஏறியது.

நீங்கள் படித்தது அநேகமாக 2007-இல் பெர்லினில் நடந்த ஆய்வாக இருக்கும். அதில் கட்டன் டீ இரத்தக்குழாயை நன்றாக விரியவைத்தது, பத்து சதவீதம் பால் கலந்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. சரி, ஆனால் பங்கேற்றது 16 பெண்கள்தான், அளந்ததும் குடித்த சில மணி நேரத்துக்குள் நடந்ததை மட்டுமே. அதை வைத்துப் பாலை நிறுத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து. காஃபீனைப் பால் தொடுவதே இல்லை.

உங்களுக்கு இரத்தசோகை இருந்தால் மட்டும் கவனம்: பால் சேர்த்துவிட்டோமே என்று நம்பிச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், உணவிலுள்ள இரும்புச்சத்தை டானின் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.