90 நாள் காலாவதிப் பட்டியலில் சில தொகுதிகள் வரவில்லை

"எக்செலில் 90 நாளுக்குள் காலாவதியாகும் மருந்துகளை எடுக்கிறேன். கிளிநொச்சிக் கடையில் சில தொகுதிகள் பட்டியலில் வரவே இல்லை."

அந்தத் தொகுதிகளின் காலாவதித் திகதி D நிரலில் எழுத்தாகப் பதிந்திருக்கும். மட்டையில் உள்ளபடி `EXP 03/2026` என்று அடித்தால் எக்செல் அதைத் திகதியாக எடுக்காது. எழுத்தை எந்த எண்ணையும் விடப் பெரிதாகக் கணக்கிடுவதால் `D2<=TODAY()+90` பொய்யாகிவிடும், மருந்தும் தப்பிவிடும்.

D நிரலின் ஒழுங்கமைப்பை நீக்கிப் பாருங்கள். திகதிகள் வலப்பக்கம் போகும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். பிறகு இதைப் போடுங்கள்:

```
=IF(ISNUMBER(D2),EOMONTH(D2,0)-TODAY()<=90,"சரிபார்")
```

"சரிபார்" வரும் வரிகளில் மட்டையைக் கையில் எடுத்துத் திருத்துங்கள்.

மாதக் கடைசி நாளை எடுக்கும் EOMONTH எதற்கென்றால், 03/2026 என்று மாதம் மட்டும் இருந்தால் மார்ச் 31 வரை பாவிக்கலாம். எக்செலோ அதை மார்ச் 1 என்று வைத்திருக்கும். சரியான கணக்கில் அது 2025 டிசம்பர் 31 அன்று பட்டியலுக்கு வரும். இல்லாவிட்டால் டிசம்பர் 1 அன்றே வந்துவிடும்.

ஒரு கவனம்: நாளும் சேர்த்து அச்சிட்ட மருந்துக்கு EOMONTH போடாதீர்கள், காலாவதியானதை மாதக் கடைசி வரை விற்க நேரும். அவற்றுக்கு வெறும் `D2-TODAY()` போதும்.

கொழும்புக்குத் திருப்பி அனுப்புவதென்றால் 90ஐ 120 ஆக்குங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.