பழைய கம்ப்ரசரை மாற்றக் கேட்டால் கோப்பு திரும்பி வருகிறதே?

கேள்வி: எங்கள் தொழிற்கூடத்தில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்று பழசாகிவிட்டது. வேகம் மாறும் வி.எஸ்.டி. வகைக்கு மாற்ற 10.5 லட்சத்துக்கு கொட்டேஷன் வாங்கினேன். மின்சாரத்தில் 35 சதவீதம் மிச்சம் என்று விற்பவர் எழுதித் தந்திருக்கிறார். அதோடு போன வருட ரிப்பேர் செலவு 1.9 லட்சத்தையும், மெஷின் நின்றதால் ஆன நஷ்டம் 2 லட்சத்தையும் கூட்டி, 14 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று நிதிப் பிரிவுக்கு அனுப்பினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசி முறை ஓரத்தில் "எதோடு ஒப்பிட்டு?" என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன எதிர்பார்க்கிறார்கள்?

பதில்: அந்த இரண்டு வார்த்தையை எழுதியவர் உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் படித்திருக்கிறார். வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் "இந்த ஆண்டு நிதி இல்லை" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

முதலில் அந்த 35 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். கம்ப்ரசரின் கன்ட்ரோலர் திரையில் இரண்டு மணி எண்ணிக்கை இருக்கும்: மொத்தம் ஓடிய நேரம் ஒன்று, லோடில் ஓடிய நேரம் மற்றொன்று. இன்றைக்குக் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி குறித்துக் கழித்துப் பாருங்கள். கணக்குக்காக, ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடுகிறது, அதில் பாதி லோடில் என்று வைத்துக்கொள்கிறேன். லோடில் 40 கிலோவாட் இழுக்கும். அன்லோடில், அதாவது காற்றே தராமல் சும்மா சுழலும்போது, 12 கிலோவாட் இழுக்கும். இந்த வகை மெஷின்கள் சும்மா சுழலும்போதே முழு லோடு மின்சாரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தின்பது வழக்கம்தான். ஆக 3,000 மணிக்கு 1,20,000 யூனிட், இன்னொரு 3,000 மணிக்கு 36,000 யூனிட், மொத்தம் 1,56,000.

வி.எஸ்.டி. முக்கியமாக மிச்சம் பிடிப்பது அந்த 36,000 யூனிட்டில்தான். அது மொத்தத்தில் 23 சதவீதம். காற்றழுத்தம் ஏறி இறங்கும் இடைவெளி குறைவதாலும், புது மெஷினின் திறனாலும் கொஞ்சம் கூடும். ஆனால் டிரைவுக்கும் சொந்த இழப்பு உண்டு. 35 சதவீதம் வரவேண்டுமானால் உங்கள் லோடு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். விற்பவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. வேறு ஏதோ லோடை வைத்துச் சொல்லியிருப்பார். எத்தனை சதவீத லோடுக்கு இந்தக் கணக்கு என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து ரிப்பேர் செலவு. பழையதற்கு 1.9 லட்சம் ஆகிறது, சரி. புதியதற்கு ஃபில்டர், ஆயில், சர்வீஸ் எல்லாம் சும்மாவா வரும்? ஆண்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்தால் மிச்சம் 90,000 மட்டும்தான். நீங்கள் முழு 1.9 லட்சத்தையும் வரவில் வைத்துவிட்டீர்கள். மெஷின் நின்ற நஷ்டத்திலும் நிதிப் பிரிவின் கண் உடனே நிற்கும். அந்த 2 லட்சம், அன்று போகாமல் நின்ற சரக்கின் விற்பனை மதிப்பா? மறுநாள் ஓவர்டைம் போட்டு அந்தச் சரக்கை அனுப்பிவிட்டீர்கள் என்றால் உண்மையான நஷ்டம் ஓவர்டைம் கூலி மட்டும்தான். இதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கீழே தனி வரியாக "கணக்கில் சேர்க்காதது" என்று போட்டு, எத்தனை முறை நின்றது, ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். அது இல்லாமலே கணக்கு நிற்கிறது என்று தெரிந்தால் உங்கள் மேல் நம்பிக்கை கூடும்.

இனி ஓரத்தில் எழுதிய அந்தக் கேள்விக்கு வருவோம். நீங்கள் ஒப்பிட்டது, பழைய மெஷின் இன்று எந்த லட்சணத்தில் ஓடுகிறதோ அதோடு. அவர் கேட்பது, பழைய மெஷினை வைத்துக்கொண்டே செய்யக்கூடியதை எல்லாம் செய்த பிறகு புது மெஷின் எவ்வளவு கூடுதலாகத் தரும் என்று. காற்று விஷயத்தில் இந்தக் கேள்வி மிக நியாயமானது, ஏனென்றால் கசிவு என்று ஒன்று இருக்கிறது.

கசிவை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வேலை நின்ற பிறகு, காற்றுப் பயன்படுத்தும் எதையும் ஓடவிடாமல் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுங்கள். யாரும் காற்றை எடுக்காதபோதும் அழுத்தம் இறங்கும், மெஷின் லோடுக்குப் போகும், நிரப்பிவிட்டு அன்லோடுக்கு வரும். லோடில் எத்தனை விநாடி, அன்லோடில் எத்தனை விநாடி என்று பத்து சுற்றுக்காவது குறித்துச் சராசரி எடுங்கள். லோடு நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவின் பங்கு வந்துவிடும். 40 விநாடி லோடு, 160 விநாடி அன்லோடு என்றால், 200-இல் 40, அதாவது மெஷினின் திறனில் 20 சதவீதம் ஓட்டைகள் வழியே போகிறது. பராமரிப்பு சரியில்லாத குழாய் அமைப்புகளில் இது அதிசயமான அளவு இல்லை. உங்கள் 50 சதவீத லோடில் 20, யாருக்கும் உதவாத காற்று என்று ஆகிறது.

இதில் பாதியை அடைத்தால் லோடு 40 சதவீதத்துக்கு இறங்கும். கப்ளிங், ஹோஸ், வால்வு மாற்ற 60,000 செலவு என்று வைப்போம். பழைய மெஷினே இப்போது 2,400 மணி லோடில் 96,000 யூனிட்டும், 3,600 மணி அன்லோடில் 43,200 யூனிட்டும் எடுக்கும். மொத்தம் 1,39,200. முன்னைவிட 16,800 யூனிட் குறைவு. யூனிட்டுக்கு 10 என்று வைத்தால் ஆண்டுக்கு 1.68 லட்சம். போட்ட 60,000 நாலரை மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. இதற்கு மூலதன ஒப்புதலே தேவைப்படாது. பராமரிப்புச் செலவிலேயே முடித்துவிடலாம்.

இதற்குப் பிறகுதான் புது மெஷினை எடை போட வேண்டும். அதே 40 சதவீதத் தேவையில் அது சராசரி 17 கிலோவாட் எடுத்தால் ஆண்டுக்கு 1,02,000 யூனிட். கசிவு அடைத்த பழைய மெஷினோடு ஒப்பிட்டால் 37,200 யூனிட் மிச்சம், அதாவது 3.72 லட்சம். பராமரிப்பில் 90,000 சேர்த்தால் 4.62 லட்சம். செலவுப் பக்கத்தில் கொட்டேஷன் 10.5 லட்சத்தோடு கேபிள், பிரேக்கர், காற்றுப் போக்கி, இறக்கி வைக்கும் கூலி என்று 1.5 லட்சம் கூடும். பழையதை விற்று ஒரு லட்சம் வரும் என்றால் நிகரம் 11 லட்சம். 11-ஐ 4.62-ஆல் வகுத்தால் சுமார் 2.4, அதாவது 2 ஆண்டு 5 மாதம்.

இங்கே ஒரு ஆசை வரும். கசிவு அடைப்பையும் புது மெஷினையும் ஒரே திட்டமாகக் கட்டிவிட்டால் 11.6 லட்சத்துக்கு ஆண்டு மிச்சம் 6.3 லட்சம், 22 மாதம் என்று அழகாக வரும். செய்யாதீர்கள். 60,000 செலவு தரும் பலனின் முதுகில் 11 லட்சத்தை ஏற்றுவதாகிவிடும். அனுபவமுள்ள ஃபைனான்ஸ் ஆள் இதை ஐந்து நிமிடத்தில் பிரித்துப் பார்த்துவிடுவார். நீங்களே பிரித்துக் காட்டிவிடுங்கள்.

கசிவை அடைத்தால் புது மெஷினுக்கான காரணம் பலவீனமாகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். லோடு குறையக் குறையப் பழைய மெஷின் சும்மா சுழலும் நேரம் கூடும், வி.எஸ்.டி. மிச்சம் பிடிப்பதோ அந்த நேரத்தில்தான். ஆனால் இன்னொரு கேள்வி முளைக்கும்: 40 சதவீதம்தான் தேவை என்றால் அதே 37 கிலோவாட் எதற்கு? இதற்குச் சராசரியை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஒரு வாரம் காற்றோட்ட லாகர் மாட்டி உச்சத் தேவை எவ்வளவு என்று பாருங்கள். உச்சமே 65 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால், அடுத்த சிறிய அளவுக்கும் ஒரு கொட்டேஷன் வாங்கிவிடுங்கள். விலையும் குறையும், கேள்வியும் அடங்கும்.

இந்தக் கணக்கை அதிகம் ஆட்டக்கூடியது ஓட்ட நேரம். ஒரு ஷிஃப்ட் நின்று 6,000 மணி 3,000 ஆனால் மிச்சம் பாதியாகி, 2 ஆண்டு 5 மாதம் 5 ஆண்டை நெருங்கிவிடும். உங்கள் நிறுவனம் 3 ஆண்டுக்குள் பணம் திரும்பினால்தான் கையெழுத்து என்று வைத்திருந்தால் இந்த ஒரு எண் முடிவையே மாற்றும். அதனால் அடுத்த இரண்டு ஆண்டுக்கு உற்பத்தித் திட்டத்தில் இருக்கும் ஷிஃப்டை, உற்பத்திப் பிரிவின் கையெழுத்தோடு இணைத்து அனுப்புங்கள். பழைய மெஷினுக்குக் கணக்குப் புத்தகத்தில் இன்னும் மதிப்பு மிச்சம் இருக்கிறதே என்று யாராவது கேட்டால், அது எப்போதோ கொடுத்து முடித்த பணம். பணம் திரும்பும் காலத்தில் சேராது. விற்றுக் கிடைக்கும் தொகை மட்டும் சேரும்.

கோரிக்கையின் முதல் பத்தி இப்படி இருக்கலாம்: "37 கிலோவாட் கம்ப்ரசரை மாற்ற, நிறுவும் செலவு உட்பட 12 லட்சம் கோருகிறோம். பழையதை விற்று வரும் ஒரு லட்சம் போக நிகரம் 11 லட்சம். கசிவுகளை அடைத்த பின் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டால் ஆண்டு மிச்சம் 4.62 லட்சம், பணம் திரும்பும் காலம் 2 ஆண்டு 5 மாதம், 6,000 மணி ஓட்டத்துக்கு. இப்போது மாற்றாவிட்டால் ஆண்டுக்கு 1.9 லட்சம் ரிப்பேர் தொடரும்." இதற்குக் கீழே மூன்று வரிசையில் ஒரு அட்டவணை: இப்போதுள்ள நிலை, கசிவு மட்டும் அடைத்த நிலை, அதன் மேல் புது மெஷின். மீட்டர் படங்கள் இணைப்பில் போகட்டும்.

கசிவு வேலையை முதலில் முடியுங்கள். பிறகு ஒரு மாத அளவு எடுக்க வேண்டும், அதற்குள் கொட்டேஷனின் செல்லுபடித் தேதி தாண்டிவிடலாம். விற்பவரிடம் இப்போதே நீட்டிப்புக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் மூன்றாவது முறை கோப்பு திரும்பி வருவது அந்தத் தேதிக்காக இருக்கும்.