பாதி வாக்கியத்தில் அறுந்த போன்

கேள்வி: என் அக்கா புதுச்சேரியில் வேலை பார்க்கிறாள். மாலையில் பஸ்ஸில் கடலூர் வரும்போதுதான் அவளாகக் கூப்பிடுவாள். நடுவில் லைன் போய்விடும். இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டால் பிஸி. கிடைத்த பிறகு எதில் விட்டோம் என்பதே மறந்துவிடுகிறது. போன வாரம் “சித்தி கேட்ட பணத்தைக் குடுத்து…” என்று சொல்லும்போது அறுந்தது. கொடுக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்து 5,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். அக்கா சொல்ல வந்தது “குடுத்துடாத” என்று. யார் திரும்பக் கூப்பிட வேண்டும், எப்படித் தொடர வேண்டும்?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்:

உங்கள் மேலும் தப்பில்லை, அக்கா மேலும் தப்பில்லை. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. ‘உண்டு’, ‘இல்லை’ என்பதும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘குடுத்து’ வரைக்கும் இரண்டு வாக்கியமும் ஒன்றுதான். அதற்குப் பின்னால் ‘டு’ வருகிறதா, ‘டாத’ வருகிறதா என்பதில் 5,000 ரூபாய் இருந்தது. தமிழில் பேசும்போது பாதியில் லைன் போனால் பெரும்பாலும் தொலைவது சொல்ல வந்த முடிவுதான். அதனால் வால் அறுந்த வாக்கியத்தை நாமாக முடித்துக்கொள்ளவே கூடாது.

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். அப்பாவின் ரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, “காலைல அவரு சாப்பிட்டுட்டு…” என்றார், லைன் போய்விட்டது. திருப்பி அடித்தேன். பொது எண்ணுக்குப் போனது, பேசியவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. “சாப்பிட்டுட்டு வாங்க” என்று நானே முடித்துக்கொண்டு இரண்டு இட்லி கொடுத்துக் கூட்டிப்போனேன். வெறும் வயிற்றோடு வர வேண்டிய பரிசோதனை அது. மறுநாள் மறுபடி அலைந்தோம்.

யார் கூப்பிடுவது என்பதற்கு வருகிறேன். இதைப் பெரிய அறிஞர்களே யோசித்திருக்கிறார்கள். டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1969இல் தன் சொந்த ஊரைப் பற்றி எழுதினார். ஒஹையோ மாநிலத்தில் ஓபர்லின் என்ற ஊர். அங்கே உள்ளூர் அழைப்புகள் மூன்று நிமிடம் ஆனதும் முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்துவிடுமாம். யாரும் சட்டம் போடாமலே அந்த ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது: முதலில் கூப்பிட்டவரே திரும்பக் கூப்பிடுவார், மற்றவர் காத்திருப்பார். யார் கூப்பிடுகிறார் என்பது முக்கியமில்லை, ஒருவர் கூப்பிடும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்பது அவர் கண்டது.

உங்கள் இருவருக்கும் அந்த வழக்கமே பொருந்தும். அக்காதான் கூப்பிடுகிறாள், பஸ்ஸில் இருப்பவளும் அவள்தான். சிக்னல் திரும்பிவிட்டதா என்பது அவள் கையில் இருக்கும் போனுக்குத்தான் தெரியும். நீங்கள் வீட்டிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தால், சிக்னல் வந்த நொடியில் அவள் உங்களை அழைக்க, நீங்களும் அவளை அழைக்க, இரண்டு பக்கமும் பிஸிதான். லைன் போனதும் போனைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் பாருங்கள். வரவில்லை என்றால் நீங்கள் ஒரே ஒரு முறை அடியுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், “பணம் குடுக்கணுமா, வேணாமா?” என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். பேச முடியாத சிக்னலில்கூட மெசேஜ் காத்திருந்து போய்ச் சேரும். பதில் வரும்வரை பணம் பீரோவிலேயே இருக்கட்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நீங்களே அக்காவைக் கூப்பிட்ட நாளிலும், அவள் பஸ்ஸில் இருந்தால் திரும்பக் கூப்பிடுவது அவள் வேலை. இதை இன்று ராத்திரியே அவளிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விட்ட இடத்தைப் பிடிப்பது. லைன் கிடைத்ததும் “எங்க விட்டோம்?” என்று கேட்கிறோம் பாருங்கள், அதில்தான் எல்லாம் போகிறது. பேசியவளுக்கு, தான் எதுவரை பேசினோம் என்பது தெரியும், எதுவரை உங்கள் காதில் விழுந்தது என்பது தெரியாது. ஓடும் பஸ்ஸில் போன் ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குக் கை மாறிக்கொண்டே வருகிறது. கை மாறும் இடத்தில் சிக்னல் நழுவினால் போன் உடனே அழைப்பைக் கைவிடாது, மறுபடி பிடித்துவிடலாம் என்று சில நொடி பார்க்கும். அந்தச் சில நொடியும் திரையில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தவளக்குப்பத்திலோ கன்னியக்கோயிலிலோ அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, “போன தடவ வாங்கினதே இன்னும் வரல, இப்ப என்ன அவசரமாம்” என்று முழுசாகச் சொல்லி முடித்திருப்பாள். உங்களுக்கு ‘குடுத்து’வோடு நின்றிருக்கும். அவள் கணக்கில் சொல்லியாகிவிட்டது. அதனால்தான் திரும்பக் கூப்பிட்டதும் அடுத்த விஷயத்துக்குத் தாவுகிறாள்.

ஆகவே, கூப்பிடுவது யாராக இருந்தாலும், முதலில் பேச வேண்டியவர் கேட்டுக்கொண்டிருந்தவர். கடைசியாகக் காதில் விழுந்ததை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும்:

“அக்கா, ‘சித்தி கேட்ட பணத்தைக் குடுத்து’ன்னியே, அதோட போச்சு.”

“குடுத்துடாதன்னு சொன்னேன்டி!”

முடிந்தது. “கட் பண்ணிட்டியா?”, “உன் போனே இப்படித்தான்”, “பஸ் எங்க வருது?” இதெல்லாம் பிறகு. இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் பேச்சு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும், பணம் அங்கேயே நிற்கும். லைன் போனவுடன் கடைசி இரண்டு மூன்று சொற்களை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் மறக்காது.

அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். நாம் கேட்கும்போது ‘ம்’ கொட்டுகிறோம் இல்லையா, அதை அவள் கவனிக்கட்டும். கடைசி ‘ம்’ எங்கே வந்ததோ, அதுவரை சேர்ந்திருக்கிறது. இரண்டு வாக்கியம் போயும் ‘ம்’ வரவில்லை என்றால் நிறுத்தி, “கேக்குதா?” என்று கேட்டுவிட்டுத் தொடரலாம். நீங்களும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருக்காதீர்கள், வாய்விட்டே ‘ம்’ சொல்லுங்கள்.

பஸ்ஸில் இருக்கும்போது முக்கியமான விஷயத்தை அவள் தலைகீழாகச் சொல்வதும் நல்லது. “குடுக்காதடி, சித்திக்குப் பணம்.” “வரல நான், சனிக்கிழமை.” பேச்சுத் தமிழில் இது நமக்குப் புதிதில்லை, அவசரத்தில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். வினை முதலில் வந்துவிட்டால், பின்னால் லைன் போனாலும் போவது சித்தியின் பெயர்தான். அதை நீங்கள் ஊகித்துவிடலாம்.

கோபத்திலோ அழுகையிலோ இருக்கும்போது அறுந்தால் மட்டும் வரிசை மாறும். அவள் அழுதுகொண்டிருக்கும்போது லைன் போனால், நீங்கள் வைத்துவிட்டீர்கள் என்று அவள் நினைக்கக்கூடும். அன்றைக்குக் காத்திருக்க வேண்டாம், நீங்களே உடனே அடியுங்கள். “நான் வைக்கலக்கா, லைன் போச்சு” என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும். அவள் கடைசியாகச் சொன்னது அதற்கு அடுத்தது. பிஸி வந்தால் வரட்டும். நீங்களும் கூப்பிட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.