தளம் போடும் காலை: யாருக்கு எப்போது வேலை?

"கொடுங்கையூரில் ஒரு வீட்டு வேலைக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். முதல் மாடிக் கூரைக்கு 800 சதுர அடி தளம் போட வேண்டும். சென்ட்ரிங், கம்பி, கலவை, கொத்தனார் எல்லோரும் காலையில் மொத்தமாக வந்து நிற்கிறார்கள். வேலை பிரித்து, சரக்கு பார்த்து, பாதுகாப்பு சொல்லி முடிப்பதற்குள் ஒன்பதரை ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?"

சரக்கு பார்ப்பதை முந்தைய நாள் மாலைக்குத் தள்ளிவிடுங்கள். காலையில் அதற்கு நேரமே இல்லை. 5 அங்குலத் தளம் என்றால் 800 சதுர அடிக்குச் சுமார் 9.4 கன மீட்டர் கான்கிரீட். பீம்களையும் சேர்த்து 11 என்று வைத்துக்கொள்வோம். 1:1½:3 கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 88 மூட்டை சிமெண்ட் வேண்டும். ஒரு மூட்டை மிக்சர் மணிக்கு 12 தடவை கொட்டினாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடும். எட்டு மணிக்குத் தொடங்கினால் நாலுக்குள் முடிக்கலாம். ஒன்பதரைக்குத் தொடங்கினால் கடைசி மூலையை விளக்கு வெளிச்சத்தில்தான் மட்டம் தட்டுவீர்கள்.

மாலையில் சிமெண்ட்டை எண்ணும்போது ஐந்து மூட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கடல் ஈரத்தில் பழைய மூட்டை சீக்கிரம் கட்டி தட்டிவிடும். கையால் நசுக்கியும் உடையாத கட்டி இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். அதைவிட முக்கியம் தண்ணீர். மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர் வீதம் கலவைக்கு மட்டுமே 2,640 லிட்டர் வரை போகும். வடசென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 விதிப்படி குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர் தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட் கையில் இல்லையென்றால் லாரித் தண்ணீரை மாலையே தொட்டியில் நிரப்பிவிடுங்கள். காலையில் லாரிக்காகக் காத்திருந்தால் 20 பேர் சும்மா நிற்பார்கள்.

இனி ஆட்கள். எல்லோரையும் ஏழு மணிக்கு வரச்சொல்லாதீர்கள். அந்த நேரத்துக்கு சென்ட்ரிங் மேஸ்திரியும் கம்பி மேஸ்திரியும் வந்தால் போதும். ஒருவர் கீழே முட்டுகளைப் பார்க்கட்டும், இன்னொருவர் மேலே கவர் பிளாக்குகளை. கலவை ஆட்கள் ஏழரைக்கு வந்து மிக்சரையும் லிஃப்ட் கயிற்றையும் ஓட்டிப் பார்க்கட்டும். கொத்தனார்களை எட்டரைக்கு வரச்சொல்லலாம், கலவை ஓரளவு விழுந்த பிறகுதான் மட்டப்பலகைக்கு வேலை. மற்ற சித்தாள்களைக் காம்பவுண்டு சுவர்ப் பக்கம் அனுப்புங்கள். லிஃப்ட்டுக்கு அடியிலும் தளத்துக்கு அடியிலும் அன்று யாருக்கும் வேலை கொடுக்கக் கூடாது.

இதற்கு ஒரே விலக்கு சென்ட்ரிங் ஆட்கள் இருவர். கான்கிரீட் முடியும்வரை கீழே அவர்கள் காவல். "முட்டு போட்டாச்சு, என் வேலை முடிஞ்சது" என்று மேஸ்திரி கிளம்பப் பார்ப்பார், விடாதீர்கள். பீமுக்குச் சற்றுக் கீழே ஒரு நூலை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கலவை விழ விழ நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் பலகை இறங்குகிறது என்று பொருள். உடனே மேலே குரல் கொடுத்துக் கலவையை நிறுத்தி, எல்லோரையும் விலக்கி, அதற்குப் பிறகுதான் முட்டை இறுக்குவது பற்றி யோசிக்க வேண்டும். முட்டு குறைந்தால் சிலர் கீழ்த் தளத்து முட்டுகளைக் கழற்றி மேலே கொண்டுவருவார்கள். புதுத் தளத்தின் பாரம் முழுவதும் அந்தப் பழைய தளத்தின் மேல்தான் இறங்கும் என்பதால் அதை அனுமதிக்கவே கூடாது.

மேலேயும் ஒரு கம்பி ஆளை நாள் முழுவதும் வைத்திருங்கள். சட்டி சுமப்பவர்கள் மிதித்து பால்கனியின் மேல்கம்பி அடியில் போய்விடும். பால்கனியைத் தாங்குவது அந்த மேல்கம்பிதான். மிதிபட்டதைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் உட்கார வைப்பதே அவருடைய முழு வேலை. நடக்கப் பலகை போட்டால் அவருக்கும் பாடு குறையும்.

பாதுகாப்புப் பேச்சு ஏழு ஐம்பதுக்கு, மிக்சர் பக்கத்தில், ஐந்து நிமிடம் போதும். கொத்தனார்கள் வந்ததும் அவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். பொதுவாக "ஜாக்கிரதை" என்று சொல்வது காதில் ஏறாது. அன்றைக்கு உள்ள மூன்றை மட்டும் சொல்லுங்கள்: திறந்த ஓரத்தில் வேலை செய்பவருக்கு பெல்ட், லிஃப்ட்டில் யாரும் ஏறக் கூடாது, வைப்ரேட்டர் வயர் தண்ணீரில் கிடக்கக் கூடாது. பீகார், ஒடிசா ஆட்கள் இருந்தால் அவர்களில் தமிழ் தெரிந்தவரைச் சொல்ல வைத்து, பெல்ட் கொக்கியை எங்கே மாட்டுவது என்று ஒருவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முட்டுக் காவல் இருவரும் யார் என்பதையும் அங்கேயே எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். அவர்கள் நிறுத்தச் சொன்னால் உங்களைக் கேட்காமலே மிக்சர்காரர் நிறுத்த வேண்டும்.