முதல் நாளுக்கு முன் ஒரு மின்னஞ்சல்: மடிக்கணினியும் இணையச் செலவும்

கேள்வி: வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றை ஏற்றுக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். சேர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நியமனக் கடிதத்தில் மடிக்கணினி பற்றியோ இணையச் செலவு பற்றியோ ஒரு வரிகூட இல்லை. இப்போது கேட்டால் பேரம் பேசுகிறேன் என்று நினைப்பார்களோ? யாரிடம், எப்படிக் கேட்பது? – வாசகி, பொங்கோல்

பதில்: இந்த வாரமே கேளுங்கள். உங்களுக்கு நியமனக் கடிதம் அனுப்பிய மனிதவளப் பிரிவு அதிகாரியிடமே கேளுங்கள். புதிய ஊழியருக்கு மடிக்கணினி வாங்க ஒப்புதல் பெற்று, அதில் மென்பொருள்களை நிறுவி, கணக்கைத் திறந்து, கூரியரில் அனுப்பி முடிக்கச் சில நிறுவனங்களுக்கு இரண்டு வாரம்கூடப் பிடிக்கும். ஆகவே, மூன்று வாரத்துக்கு முன் வரும் கேள்வியை அவர்கள் பேரமாக எடுத்துக்கொள்வதில்லை. முதல் நாள் காலையில் கருவி இல்லாமல் நிற்கும் ஊழியர்தான் அவர்களுக்குத் தலைவலி.

ஊழியருக்கு மடிக்கணினியோ இணையப் படியோ தந்தே ஆக வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதி சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் இல்லை. அதனால் உரிமையைக் கோரும் தொனியைத் தவிர்த்து, நிறுவனத்தின் நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொனியில் எழுதுவது நல்லது. “எனக்கு இணையக் கட்டணம் தருவீர்களா” என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. நடைமுறை என்ன என்று கேட்டால் விளக்கம் தர வேண்டியிருக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதப்போகும் கடிதத்தின் சாரம் தமிழில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். 3ஆம் தேதி பணியில் சேர ஆவலாக இருக்கிறேன். அதற்கு முன் வீட்டில் இடத்தைத் தயார்செய்ய விரும்புவதால் மூன்று விவரங்கள் தெரிந்தால் உதவியாக இருக்கும். மடிக்கணினியை நிறுவனம் அனுப்புமா, அனுப்பினால் எந்தத் தேதியில், எங்கிருந்து வரும்? வீட்டு இணையச் செலவுக்கு நிறுவனத்தில் என்ன நடைமுறை: மாதப் படியா, ரசீது காட்டிப் பெறுவதா? கூடுதல் திரை, ஹெட்செட் போன்றவற்றை யாரிடம் கேட்க வேண்டும்?”

இவற்றில் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் கேள்வி. படியும் ரசீதுக்கு ஈடாகத் தரும் பணமும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், சம்பளத் துண்டில் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. மாதம் 50 வெள்ளி நிலையான படியாக வந்தால் அது சம்பளத்தின் பகுதியாகிவிடும். நீங்கள் 55 வயதைத் தாண்டாத குடிமகள், சம்பளம் மத்திய சேம நிதிக்கான உச்சவரம்புக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 வெள்ளியில் 20 விழுக்காடு, அதாவது 10 வெள்ளி, உங்கள் மசே நிதிக் கணக்குக்குப் போகும். கையில் 40 வெள்ளி வரும். முதலாளி தம் பங்காக 17 விழுக்காட்டை, அதாவது 8 வெள்ளி 50 காசை, அதே கணக்கில் சேர்ப்பார். படித் தொகைக்கு வருமான வரியும் உண்டு. மாறாக, வேலைக்காக நீங்கள் செய்த செலவுக்கு ரசீதைக் காட்டி அதே 50 வெள்ளியைப் பெற்றால் முழுத் தொகையும் கைக்கு வரும். அதில் மசே நிதிப் பிடித்தமோ வரியோ இல்லை. மசே நிதிக்குப் போவதும் உங்கள் பணமே என்பதால் படியை இழப்பாக எண்ண வேண்டாம். ஆனால், மாதக் கட்டணம் 45 வெள்ளி என்றால், கையில் வரும் 40 வெள்ளி அதற்குப் போதாது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ரசீது முறையில் நம் வீடுகளில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. இணைய இணைப்பு பெரும்பாலும் அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோதான் இருக்கும். ரசீதில் ஊழியரின் பெயர் இல்லாவிட்டால் சில நிறுவனங்களின் கணக்குப் பிரிவு அதைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரே முகவரியில் உள்ள குடும்பத்தினரின் ரசீது செல்லுமா என்பதை அதே மின்னஞ்சலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

மாதப் படி தருவோம் என்று பதில் வந்தால், அது முக்கிய வேலை நிபந்தனைகளில் நிலையான படியாக எழுத்தில் இடம்பெறுகிறதா என்று பாருங்கள். வேலை நியமனச் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியருக்கு, அவர் சேர்ந்த 14 நாள்களுக்குள் முதலாளி அந்த நிபந்தனைகளை எழுத்துபூர்வமாகத் தர வேண்டும். தொலைபேசியில் “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அன்றே, “நீங்கள் சொன்னபடி மாதம் இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறேன்” என ஒரு சிறு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

மடிக்கணினி விஷயத்தில் “உங்களுடையதையே பயன்படுத்துங்கள்” என்ற பதில் வந்தால் சற்று நிதானியுங்கள். நிறுவனங்கள் பொதுவாக அதில் ஒரு நிர்வாக மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். நீங்கள் விலகும்போதோ கணினி தொலைந்தாலோ அதன் வழியாகத் தகவல்களைத் தொலைவிலிருந்தே அழிக்க முடியும். அழிப்பது வேலைக் கணக்கை மட்டுமா, பிள்ளைகளின் படங்கள் உட்பட முழுக் கணினியையுமா என்பது எழுத்தில் தெரியும்வரை அதை நிறுவாதீர்கள்.

மடிக்கணினி வெளிநாட்டுக் கிளையிலிருந்து வருவதானால் வரியையும் கேட்டுவிடுங்கள். 400 வெள்ளிக்கு மேல் மதிப்புள்ள பொருள் கூரியரில் சிங்கப்பூருக்குள் வரும்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. அனுப்பும் செலவையும் சேர்த்து 1,800 வெள்ளி மதிப்பு என்றால் வரி 162 வெள்ளி. அனுப்புபவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால், அந்தத் தொகையையும் கையாளும் கட்டணத்தையும் கூரியர் நிறுவனம் பெறுநரான உங்களிடம் கேட்கும். “வரியை அனுப்புபவரே செலுத்தும் முறையில் அனுப்ப முடியுமா” என்று கேட்டால் விஷயம் தெரிந்த எவரும் புரிந்துகொள்வார்கள்.

மேசை படுக்கையறையில் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வீவக வீடுகள் பலவற்றில் இணையம் நுழையும் இடம் வரவேற்பறையில் இருக்கும். இரண்டு சுவர்களைத் தாண்டிய வைஃபை காணொளிக் கூட்டத்தில் தடுமாறலாம். கம்பி இழுத்தால் தீரும். ஆனால் இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அதைச் செருகும் துளையே இல்லை. யூஎஸ்பி-சி வழியாக இணைக்கும் ஒரு சிறிய மாற்றி போதும். விலை குறைவு என்பதால் மடிக்கணினியோடு சேர்த்துக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிரித்தபின் அடிப்புறத்தில் உள்ள வரிசை எண்ணையும் திரையையும் எடுங்கள். கீறலோ நெளிவோ இருந்தால் அன்றே தெரிவியுங்கள். சட்டத்துக்கு உட்பட்ட ஊழியரிடம் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், தவறு அவருடையதாக இருக்க வேண்டும், விளக்கம் தர அவருக்கு வாய்ப்பளித்திருக்க வேண்டும். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்க முடியாது. பின்னர் யாராவது சேதத்தைக் காட்டினால், நீங்கள் முதல் நாளில் எடுத்த படங்களே உங்கள் விளக்கம்.

சேரும் நாளுக்கு இரண்டு வேலைநாள் முன்னதாகவே மடிக்கணினியைத் திறந்து, அனுப்பிய தற்காலிகக் கடவுச்சொல் ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது ஏற்காவிட்டால் தகவல் தொழில்நுட்பப் பிரிவு சரிசெய்ய ஒரு முழு நாளாவது மிஞ்சியிருக்கும்.